ஏழு வயதுப் பிள்ளையின் முதல் செஸ் போட்டி: பெற்றோருக்குச் சில விஷயங்கள்

முதல் ரவுண்டில் உங்கள் பிள்ளை தோற்க வாய்ப்பு அதிகம், இதைப் போட்டிக்கு முன்பே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். காரணம் பிள்ளையின் ஆட்டம் இல்லை, ஜோடி போடும் முறை. நம் ஊரில் நடக்கும் ஒருநாள் போட்டிகள் பெரும்பாலும் சுவிஸ் முறையில் நடப்பவை. ரேட்டிங் உள்ளவர்களை மேலே வைத்து, இல்லாதவர்களைக் கீழே போட்டு ஒரு வரிசை தயாரிப்பார்கள். முதல் ரவுண்டில் அந்த வரிசையை நடுவில் வெட்டி மேல்பாதியோடு கீழ்பாதியை மோதவிடுவார்கள். 100 பேர் ஆடினால் 1-ஆம் ஆளுக்கு 51, 10-ஆம் ஆளுக்கு 60. புதிதாக வந்த உங்கள் பிள்ளை 60-ஆவதாக இருந்தால், எதிரே உட்காரப் போவது ஏற்கெனவே பல போட்டி ஆடிய பிள்ளை.

ஆனால் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. இரண்டாவது ரவுண்டில் தோற்றவர்களுக்குத் தோற்றவர்களோடுதான் ஜோடி. மூன்றாவது, நான்காவதுக்குள் தன்னைப் போலவே ஆடும் பிள்ளை எதிரே வந்துவிடும், உண்மையான போட்டியே அங்கேதான் ஆரம்பிக்கிறது. இதைப் பிள்ளையிடம் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள்: "முதல் ரவுண்டில் பெரிய ஆள் வரலாம், போகப் போக உன்னை மாதிரி ஆடுறவங்க வருவாங்க." ஏழு வயதுக்கு இது நன்றாகவே புரியும். முதல் தோல்வியோடு உடைந்துபோகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இந்த விவரத்தை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

போட்டி அறிவிப்பில் வயதுப் பிரிவைப் பாருங்கள், எந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்கள் என்று போட்டிருக்கும். இன்றைய வயதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். முதல் போட்டிக்கு ஒரே நாளில் முடியும் ரேபிட் எனும் வேக ஆட்டப் போட்டி போதும், அதில் மூவ் எழுதும் வேலையும் இல்லை.

இப்போது ஹாலுக்குள் நடக்கும் விஷயம். பெற்றோரை உள்ளே விடமாட்டார்கள், பிள்ளை தனியாகப் போர்டு நம்பர் தேடி உட்கார வேண்டும். வீட்டில் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஓப்பனிங் இல்லை, கை தூக்குவது. இந்த வயதில் புள்ளி எப்படிப் போகிறது தெரியுமா? எதிரே உள்ள பிள்ளை ராணியை டொக்கென்று வைத்து "செக்மேட்!" என்று சொல்லும், கையையும் நீட்டும். நம் பிள்ளை போர்டைப் பார்க்காமலே கைகுலுக்கிவிடும். பார்த்தால் ராஜாவுக்குத் தப்பிக்க ஒரு கட்டம் இருக்கும், இல்லையென்றால் அந்த ராணியையே வெட்டியிருக்கலாம். இரண்டு பேரும் முடிவை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால் அதை மாற்றுவது ரொம்பக் கஷ்டம். நீங்கள் வெளியே நின்று கத்தியும் பயனில்லை, சைகை காட்டினால் பிள்ளைக்குத்தான் சிக்கல்.

ஆகவே வீட்டில் நீங்களே எதிரே உட்கார்ந்து பொய்யாக "செக்மேட்" சொல்லுங்கள். பிள்ளை மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: ராஜா ஓட முடியுமா, நடுவில் எதையாவது வைத்து மறைக்க முடியுமா, செக் கொடுத்த காயை வெட்ட முடியுமா. சந்தேகம் இருந்தால் கடிகாரத்தை நிறுத்தி, கையைத் தூக்கி, நடுவரான ஆர்பிட்டர் வரும்வரை வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இதுதான் கஷ்டமான பகுதி, அதனால் சாப்பாட்டு மேஜையிலும் விளையாட்டாகப் பழக்குங்கள். பாத்ரூம் வந்தாலும், எதிராளி தொட்ட காயை விட்டு வேறு காயை நகர்த்தினாலும் அதே கைதான் மேலே போக வேண்டும்.

பதற்றம் எப்படித் தெரியும் என்றால், அழுகையாக வருவது குறைவு. வேகமாகத்தான் வரும். ஆளுக்கு 15 நிமிடம் கொடுத்த ஆட்டத்தை ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டுப் பிள்ளை வெளியே ஓடிவந்தால் அது பதற்றம். "யோசிச்சு ஆடு" என்று சொன்னால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் எதை யோசிப்பது என்று அதற்குத் தெரியாது. கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: எதிராளி ஆடி முடிக்கும்வரை இரண்டு கையும் தொடைக்கு அடியில். அப்புறம் ஒரே ஒரு கேள்வி, "இப்ப அவன் எதை வெட்டப் போறான்?" அதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் கை வெளியே வரலாம். தொட்ட காயை ஆடியே தீர வேண்டும் என்ற விதியிலும் இந்தப் பழக்கம் காப்பாற்றும். காலையில் வயிறு வலிக்கிறது என்றால் திட்டாதீர்கள், இட்லி இரண்டு போதும், ரவுண்ட் தொடங்கும் முன் பாத்ரூமுக்குக் கூட்டிப்போய் வாருங்கள்.

தோல்விக்கு வருவோம். என் மகள் ஆடிய ஒரு போட்டியில் எதிராளியிடம் ராஜா மட்டும்தான் மிச்சம், அதுவும் மூலைக் கட்டத்தில். இவளிடம் இரண்டு ராணி. ஒரு ராணியை அந்த ராஜாவிலிருந்து குதிரை தாவும் தூரத்தில் வைத்தாள். செக் இல்லை, ராஜாவுக்கு நகர இடமும் இல்லை, ஸ்டேல்மேட், அரைப் புள்ளி. வெளியே வந்தவளுக்குத் தோற்ற அழுகை. அந்த நேரத்தில் தண்ணீர் கொடுத்து, மண்டபத்துக்கு வெளியே ஒரு சுற்று நடந்து வந்தோம், ஆட்டத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்வது, அவ்வளவுதான். அடுத்த ரவுண்டுக்கு முன் தப்பைக் காட்டினால் பிள்ளை அதே தப்பை மனதில் வைத்துக்கொண்டுதான் உட்காரும். ரவுண்ட் முடிந்து வரும் பிள்ளையிடம் முதல் கேள்வியாக "ஜெயிச்சியா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள், தாத்தா பாட்டி போனில் கேட்பதும் அதுவே. "பசிக்குதா?" என்று கேளுங்கள், முடிவு முகத்திலேயே தெரிந்துவிடும். அழுதால் அழட்டும், போர்டில் அழாமல் வெளியே வந்து அழுவதே அந்த வயதுக்குப் பெரிய விஷயம்.

ரவுண்டுகளுக்கு நடுவே அரைமணி, முக்கால் மணி நேரம் சும்மா இருக்கும். போனில் செஸ் ஆடவிடாதீர்கள், களைத்துவிடும். படம் வரையட்டும், மற்றப் பிள்ளைகளோடு ஓடட்டும். அந்த நேரத்தில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது: சுவரில் ஒட்டிய தாளிலோ chess-results.com தளத்திலோ பிள்ளையின் புள்ளி சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சின்னப் பிள்ளைகள் முடிவை மாற்றிச் சொல்லிவிடுவது உண்டு, அடுத்த ஜோடி போடுவதற்குள் சொன்னால் ஆர்பிட்டர் விசாரித்துத் திருத்துவது சுலபம்.

மறுநாள் நாங்கள் அந்த ஸ்டேல்மேட்டை மட்டும் எடுத்தோம், மற்ற ஆட்டங்களைத் தொடவில்லை. ராஜாவை மூலையில் வைத்து, "ராணியைக் குதிரைத் தூரத்தில் வைக்காதே" என்று காட்டி, இரண்டு ராணியையும் அடுத்தடுத்த வரிசையில் நகர்த்தி ராஜாவை ஓரத்துக்குத் தள்ளி மேட் போடச் சொன்னேன். நாலைந்து முறை போட்டதும் அவளே பலகையைத் திருப்பி, "இப்ப நீங்க போடுங்கப்பா" என்றாள்.