கவிதாவுக்கு மூன்று எழுத்து

சிங்கப்பூரில் விசிட்டிங் கார்டில் போடுவதற்காகக் கவிதா தன் பெயரைச் சீன எழுத்தில் கேட்டிருந்தார். 卡维塔, அதாவது 'காவெய்தா' என்றே விட்டிருக்கலாம், ஒலி கிட்டத்தட்ட சரியாகத்தான் இருக்கிறது. சரிபார்த்த சீனரும் "இதுக்கு என்ன குறை?" என்றுதான் கேட்டார். நான் 嘉薇达 என்று மாற்றினேன். அது சரிதானா என்று இன்னும் யோசிக்கிறேன்.

卡 என்றால் அட்டை. சிக்கிக்கொள்வதையும் அதே எழுத்தில்தான் எழுதுவார்கள். 塔 கோபுரம். இரண்டும் அந்நியப் பெயர்களுக்கு வழக்கமாகப் போடும் எழுத்துகள் என்பதால், படிக்கும் சீனர் பொருளைக் கவனிக்கவே மாட்டார் என்பது சரிபார்த்தவரின் வாதம். அது உண்மைதான்.

என் கணக்கு வேறு. ஆங்கில எழுத்தைப் பார்த்து ஒலிபெயர்த்தால் 'தா'வுக்கு 塔 வரும், அதில் மூச்சுக் காற்று சேர்ந்துவிடும். நம் 'தா'வில் மூச்சு இல்லை, அதற்கு 达 (தா) நெருக்கம். 'எட்டுதல்' என்ற நல்ல பொருளும் உண்டு. பெண் பெயர் என்பதால், அதே ஒலியில் பெண் குறி சேர்ந்த 妲 போடலாமே என்று தோன்றும். போடக் கூடாது. பண்டைச் சீனாவின் ஷாங் வம்சத்தைக் கவிழ்த்தவள் என்று பழி சுமக்கும் தாஜியின் எழுத்து அது. 'வி'க்கு 薇 (வெய்), பூச்செடிப் பெயர்களில் வருவது.

சிக்கல் 'க'வில்தான். மூச்சில்லாத 'கா' சீனப் பொதுமொழியான மாண்டரினில் இருக்கிறது, ஆனால் பெயருக்கு ஆகிற எழுத்து அந்த ஒலியில் கிடைப்பதில்லை. 尬 என்பது தர்மசங்கடத்தைக் குறிக்கும் சொல்லில் பாதி. அதனால் 嘉 எடுத்தேன். 'மேலான, மங்களமான' என்று பொருள். தென்சீன மொழியான கான்டனீஸ் பேசுபவர் அதைக் 'கா' என்றே படிப்பார். மாண்டரினில் 'ஜியா' ஆகிவிடும். வரவேற்பறையில் "ஜியாவெய்தா" என்று கூப்பிட்டால் கவிதா திரும்பிப் பார்ப்பாரா?

ஒலியை விட்டுக்கொடுப்பதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 2023-இல் சிங்கப்பூர் அதிபரான தர்மன் சண்முகரத்னம் சீனத்தில் 尚达曼, ஷாங் தாமான். தந்தை பெயரின் முதல் ஒலி குடும்பப்பெயராக முன்னால் போய்விட்டது, நம் இனிஷியல் மாதிரி. 尚 உண்மையிலேயே சீனக் குடும்பப்பெயர், 'மதிப்பது' என்ற பொருளும் உண்டு. முன்னாள் அதிபர் நாதன் 纳丹, நாதான் என்று ஒலியோடு நின்றுவிட்டார். ஆனால் தர்மனில் 'தா' 'தா'வாகவே இருக்கிறது. நான் முதல் எழுத்தையே அல்லவா மாற்றினேன்.

மொத்தமாக உரக்கப் படித்துப் பார்ப்பது கடைசி வேலை. தொனியைக் கவனிக்காமல் கேட்டால் 'வெய்தா' 伟大 போல, அதாவது 'மகத்தான' என்று விழும். கார்டுக்குக் கொஞ்சம் பெரிய சொல்தான், கெடுதல் இல்லை. சரிபார்த்தவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "போன்ல யாராவது கூப்பிட்டா, 卡维塔னு சொன்னாத்தான் அவங்களுக்குப் புரியும்" என்று மட்டும் சொன்னார்.