"நோ போடுங்க" என்று சொன்னது நான்தான்

"221(g) தானே? அது ரிஜெக்‌ஷன் கணக்குல வராது. நோ போடுங்க."

போனில் இதைச் சொல்ல எனக்குப் பத்து விநாடிகூட ஆகவில்லை. எங்கள் கம்பெனி ஸ்பான்சர் செய்த ஊழியர் அவர். அன்று நிரப்பிக்கொண்டிருந்தது பிரிட்டனின் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கான ஆன்லைன் படிவம். பிரிட்டனோ வேறு எந்த நாடோ உங்களுக்கு எப்போதாவது விசா மறுத்திருக்கிறதா என்ற கேள்வியில் நின்றுபோய் என்னைக் கூப்பிட்டிருந்தார். சில வருடங்களுக்கு முன் வேறொரு கம்பெனியில் இருந்தபோது எச்1பி-க்காகச் சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போயிருக்கிறார். கிளையன்ட் லெட்டர் கேட்டு, அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 221(g) பிரிவின்படி ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். லெட்டர் வரவில்லை, அப்புறம் அந்தக் கம்பெனியே பெட்டிஷனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பாஸ்போர்ட் விசா இல்லாமல் வீடு வந்தது.

நான் சொன்னது அப்போது எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் சொல்வதுதான். 221(g) என்றால் பெண்டிங், 214(b) என்றால் ரிஜெக்ட். எனக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

மறுநாள் ஆவணங்களை அப்லோடு செய்யத் திரட்டும்போது அந்தப் பழைய சீட்டையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நடுவில் மடிப்பு விழுந்த தாள். கிளையன்ட் லெட்டர் என்ற வரிக்கு எதிரே பேனாவால் ஒரு டிக். நான் டிக்கைத்தான் முதலில் பார்த்தேன். அதற்கு மேலே, அச்சில், refused என்ற சொல் இருந்தது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பக்கத்தைத் திறந்தேன். 221(g)-யும் மறுப்புதான், அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அங்கே நேராகவே இருந்தது. கேட்ட காகிதங்களைப் பிறகு கொடுத்தால் அந்த மறுப்பு விலகலாம். இவர் கொடுக்கவே இல்லை.

படிவமோ முந்தைய இரவே பணம் கட்டிச் சமர்ப்பிக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகு உள்ளே போய் எதையும் திருத்த முடியாது.

வேடிக்கை என்னவென்றால், எஸ் என்று போட்டிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. வேறொரு நாடு விசா மறுத்தது என்பதற்காக மட்டும் பிரிட்டன் இந்த விசாவை மறுப்பதில்லை. ஸ்பான்சர் சான்றிதழ், சம்பளம், ஆங்கிலம் என்று அதற்குத் தனிக் கணக்கு இருக்கிறது. நாடு, தேதி, காரணம் என்று நாலு வரி எழுதினால் முடிந்தது. தப்பான நோ-தான் ஆபத்து. தெரியாமல் தவறாகச் சொல்லியிருந்தாலும் விண்ணப்பத்தை மறுக்க அதிகாரிக்கு இடமுண்டு. தெரிந்தே ஏமாற்றியதாக முடிவுசெய்தால் மறுத்தே ஆக வேண்டும், கூடவே 10 ஆண்டுத் தடையும் வரும். பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் குடிவரவுத் தகவல்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்பவை. அமெரிக்க விஷயம் லண்டனுக்கு எப்படித் தெரியும் என்ற பேச்செல்லாம் அங்கே நிற்காது.

கைரேகை கொடுக்கப் போவதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஒரு விளக்கக் கடிதம் எழுதி, அந்தச் சீட்டோடு சேர்த்து அப்லோடு செய்துவிடலாம் என்றேன். அவர்களாகக் கண்டுபிடிப்பதற்கு முன் நாமே சொல்லிவிடுவது நல்லது. இதுவரைக்கும் நான் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

வரைவை நானே எழுதினேன். "கேள்வியை நான் தவறாகப் புரிந்துகொண்டேன்" என்று ஒரு வரி. படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"மேடம், நான் தப்பாப் புரிஞ்சுக்கலையே. நீங்கதானே நோ போடச் சொன்னீங்க?"

"அதெல்லாம் எழுத வேண்டாம். குழப்பம்தான் ஆகும்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சரி மேடம்" என்றார்.

எனக்கும் நியாயம் இருக்கிறது. படிவத்தின் கடைசியில் உறுதிமொழி கொடுப்பவர் அவர்தான், நான் அல்ல. யார் சொல்லிப் போட்டாலும் பதில் அவருடையதுதான். ஸ்பான்சர் கம்பெனியின் ஆளே தப்பாக வழிகாட்டினார் என்று எழுதினால் கம்பெனிக்கும் தலைவலி, அவருக்கும் தாமதம். இப்படியெல்லாம் அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் அவர் சந்தேகப்பட்டுத்தான் என்னைக் கேட்டார். ஒருவரிடம் கேட்டுப் போட்டேன் என்ற உண்மை, ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை என்பதற்கு நல்ல சாட்சியாகக்கூட இருந்திருக்கும். அதை நான் எடுத்துவிட்டேன். உண்மையைச் சொல்வதற்காக எழுதிய கடிதத்தில் இருந்த ஒரே பொய் என்னுடையது.

மூன்று வாரத்தில் விசா வந்தது. கடிதத்தை யாராவது படித்தார்களா என்றுகூடத் தெரியாது. இதே மாதிரிச் சீட்டு வாங்கிய இன்னொருவர் நோ போட்டுவிட்டுப் போய், லண்டனில் நிம்மதியாக இருக்கிறார். அதை நினைக்கும்போது வீணாகப் பதறினோமோ என்றும் தோன்றும்.

இப்போதெல்லாம் யார் கேட்டாலும் சீட்டின் படத்தை முதலில் அனுப்பச் சொல்கிறேன். பதிலையும் போனில் சொல்வதில்லை, மெயிலில்தான் அனுப்புகிறேன். அவர்களுக்காகவா எனக்காகவா என்று கேட்டால், முன்பு ஒரு பதில் வைத்திருந்தேன். அந்த மெயிலின் கடைசியில், "இறுதி முடிவு உங்களுடையது" என்று ஒரு வரி சேர்க்கிறேன்.