மண்டப புக்கிங்கில் மோதலைக் காட்டாமல் ஏமாற்றிய ஃபார்முலா

தர்மபுரி பக்கம் சித்தப்பா ஒரு கல்யாண மண்டபம் நடத்துகிறார். மேல் ஹால், கீழ் ஹால் என்று இரண்டு. நோட்டில் இருந்த 87 புக்கிங்கையும் எக்செலில் ஏற்றி, ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறோமா என்று பார்க்கும் வேலை ஜூலை மாதம் என்னிடம் வந்தது. ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன், நான்கு நாள் ஆனது.

முதலில் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கேட்டேன். தேதிப் பத்தியைத் தேர்ந்தெடுத்து Duplicate Values போட்டு, ஒரே தேதி இரண்டு முறை வந்தால் சிவப்பாகும்படி செய்து கொடுத்தார்கள். எதுவும் சிவக்கவில்லை. நிம்மதியாக வீடு வந்தேன். இரண்டு நாள் கழித்து காதுகுத்து வீட்டார் மீதிப் பணம் கட்ட வந்தார்கள். “ஞாயிறு காலையா? அன்னைக்கு மேல் ஹால்ல முகூர்த்தம் இருக்கே கண்ணு” என்று சித்தப்பா என்னைப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் இருந்ததால் தப்பித்தோம்.

நம் ஊர்க் கல்யாணம் முதல் நாள் சாயங்காலம் வரவேற்பில் தொடங்கி மறுநாள் மதியச் சாப்பாட்டோடுதான் முடியும். நோட்டில் அது சனிக்கிழமை 14-ஆம் தேதியில் இருந்தது, காதுகுத்து 15-ஆம் தேதியில் இருந்தது. தேதி வேறு என்பதால் டூப்ளிகேட் முறைக்கு இது தெரியவே தெரியாது.

அதனால் தேதியையும் நேரத்தையும் ஒரே கட்டத்தில் வைத்தேன். A-யில் ஹால், B-யில் தொடக்கம், C-யில் முடிவு. கல்யாணம் 14-09-2024 16:00 முதல் 15-09-2024 14:00 வரை. காதுகுத்து 15-09-2024 10:00 முதல் 16:00 வரை. ஒன்று முடிவதற்குள் மற்றது தொடங்கி, ஒன்று தொடங்கிய பிறகே மற்றது முடிந்தால் அது மோதல். D2-வில் இதைப் போட்டுக் கீழே வரை இழுத்தேன்:

```
=IF(COUNTIFS($A$2:$A$88,A2,$B$2:$B$88,"<"&C2,$C$2:$C$88,">"&B2)>1,"மோதல்","")
```

ஒவ்வொரு வரியும் தன்னையும் சேர்த்தே எண்ணும், அதனால்தான் 1-க்கு மேல் என்று கேட்கிறோம். அடையாளத்தில் `<=` போடாதீர்கள். போட்டால் 2 மணிக்கு முடிவதும் 2 மணிக்குத் தொடங்குவதும்கூட மோதலாகிவிடும்.

ஆனால் D பத்தி முழுக்க வெறுமை. கண்ணெதிரே தெரிந்த காதுகுத்துக்கூட வரவில்லை! ஃபார்முலாவை எத்தனை முறை மாற்றி எழுதினேன் என்று கணக்கே இல்லை. ஒரு ராத்திரி முழுக்கப் போனது.

தப்பு ஃபார்முலாவில் இல்லை. நோட்டைப் பார்த்து டைப் செய்தபோது பாதி வரிகளில் 14.09.2024 என்று புள்ளி வைத்திருந்தோம். எங்கள் கணினியில் அதை எக்செல் தேதியாக எடுக்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டது. தேதி என்றால் அதற்கு உள்ளே ஓர் எண்: 15-09-2024 என்பது 45550, காலை 10 மணி அதன் மேல் ஒரு பின்னம். எழுத்தை எண்ணோடு ஒப்பிட முடியாததால் COUNTIFS அந்த வரிகளை எண்ணாமல் தாண்டிப் போகிறது. எர்ரரும் காட்டாது. அதுதான் ஆபத்து.

எனவே முதலில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
=COUNT(B2:C88)
```

87 வரிக்கு 174 வர வேண்டும். எனக்கு 131 வந்தது. 43 கட்டங்கள் எழுத்தாக இருந்தன. Find & Replace-இல் புள்ளியை `-` ஆக்கியதும் 174 ஆனது. (நேரத்தில் நாங்கள் `:` வைத்திருந்ததால் இது சரிப்பட்டது. 16.00 என்று இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.) கணினியில் தேதி வரிசை நாள், மாதம் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். மாதம் முதலில் இருந்தால் 04-09 ஏப்ரல் 9 ஆகிவிடும், எண்ணிக்கையில் அது தெரியாது.

இப்போது கல்யாணம், காதுகுத்து இரண்டு வரியிலும் மோதல் வந்தது. வேறொரு ஜோடியும் கீழ் ஹாலில் மாட்டியது, அது சித்தப்பாவுக்கே ஞாபகம் இல்லாதது.

அப்புறம் அவர், “கழுவிப் பெருக்க ரெண்டு மணி நேரம் வேணுமே” என்றார். முடிவோடு மட்டும் 2/24 கூட்டினேன். நெருக்கமான இரண்டில் முதல் வரி மட்டும் மாட்டியது, பின்னது சுத்தமாக நின்றது. இரண்டு பக்கமும் நகர்த்த வேண்டும்: `"<"&C2+2/24` என்றும் `">"&B2-2/24` என்றும்.

காதுகுத்து வீட்டாருக்கு அன்றே போன் செய்தோம். பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை, கீழ் ஹால் போதும் என்று ஒத்துக்கொண்டார்கள். A கட்டத்தை ‘கீழ் ஹால்’ என்று மாற்றியதும் இரண்டு வரியிலும் ‘மோதல்’ மறைந்தது.