“லேடீஸுக்கு 11 இருந்தா போதும்மா”

நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் இருக்கிறது. பில் போடும் இடம் முதல் மாடியில், 22 படி ஏறணும். இத்தனை வருஷம் அந்தப் படிகளை நான் எண்ணியதே இல்லை. போன வருஷ ஆடித் தள்ளுபடி சமயத்தில்தான் எண்ண ஆரம்பித்தேன். ஏனென்றால் பன்னிரண்டாவது படியில் நின்று, கைப்பிடியைப் பிடித்து, மூச்சு வாங்க வேண்டியிருந்தது. யாராவது பின்னால் வந்தால் செருப்பு வாரைச் சரிசெய்வது போல் குனிந்துகொள்வேன்.

தூக்கம் குறைச்சல் என்று சொல்லவே முடியாது. பத்து மணிக்குப் படுத்தால் ஆறு மணிக்குத்தான் விழிப்பு. ஆனால் எழுந்திருக்கும்போதே அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். ஆடி முடிந்தால் சரியாகிவிடும் என்றேன், அப்புறம் வெயில் என்றேன், அப்புறம் 41 வயசாச்சே என்றேன். இப்படியே ஐந்து மாதம் ஓடிவிட்டது.

அதற்கு முந்தைய வருஷம் ஒரு மருத்துவ முகாமில் விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 11.1 என்று வந்தது. “லேடீஸுக்கு 11 இருந்தா போதும்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் ‘நமக்கு ரத்தம் நல்லாத்தான் இருக்கு’ என்ற முடிவோடு இருந்தேன். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா “இது தைராய்டுதான்” என்று அடித்துச் சொன்னார். நானே லேபில் போய் டி.எஸ்.எச். மட்டும் பார்த்தேன். 3.1 என்று வந்தது, அதில் ஒரு கோளாறும் இல்லை. மருந்துக்கடையில் கேட்டு ஒரு டானிக் வாங்கி இரண்டு பாட்டில் குடித்து முடித்தேன். கைக்காசு போனதுதான் மிச்சம்.

கடைசியில் தண்டையார்பேட்டையில் ஒரு பொது மருத்துவரிடம் போனேன். அம்மா வயசு இருக்கும். எழுதுவதற்கு முன்னால் கால் மணி நேரம் கேள்வி கேட்டார். முதல் கேள்வியே எனக்குப் புதுசு: “அசதின்னா என்னம்மா? தூக்கம் தூக்கமா வருதா, இல்ல தெம்பு இல்லையா?” இரண்டும் ஒன்றில்லையாம். மெட்ரோவில் உட்கார்ந்த உடனே கண் சொக்கிப் போகிறவர், ராத்திரி பலமாகக் குறட்டை விடுகிறவர் என்றால், தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறதா என்று அவர் யோசனை போகும். எனக்கு அப்படி இல்லை. உட்கார்ந்திருந்தால் ஒன்றுமில்லை, படி ஏறினால்தான் கால் கெஞ்சுகிறது, நெஞ்சு படபடக்கிறது. எதிலாவது ஆசை விட்டுப்போச்சா, அழுகை வருதா, எடை குறையுதா, சாயங்காலக் காய்ச்சல் உண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தள்ளிக்கொண்டே போனார்.

அடுத்து கேட்டார்: “பச்சரிசி, சாம்பிராணி, ஐஸ் கட்டி, இப்படி ஏதாவது வாயில போட்டு மெல்லுற பழக்கம் இருக்கா?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. இருக்கிறது. மாவுக்கு அரிசி களையும்போது ஒரு பிடி வாயில் போடாமல் இருக்க முடியாது. சில நாள் டப்பாவைத் திறந்து நின்றபடியே மெல்லுவேன். சின்ன வயசில் இப்படித் தின்றால் “உன் கல்யாணத்துல மழை பெய்யும்டி” என்று பாட்டி திட்டுவாள். கல்யாணமாகி 18 வருஷம் கழித்து அந்தப் பழக்கம் ஏன் திரும்ப வந்தது என்று நான் யோசித்ததே இல்லை. உடம்பில் இரும்புச்சத்து வற்றிப்போனால் இந்த மாதிரி ஆசை வருவது டாக்டர்களுக்குப் பழகிய விஷயமாம்.

அப்புறம் மாதவிலக்கு பற்றிக் கேட்டார். “ரெகுலர்தான் டாக்டர்” என்றேன். அவர் விடவில்லை. எத்தனை நாள்? ஏழு. எத்தனை மணி நேரத்துக்கு ஒரு நாப்கின்? முதல் மூன்று நாள் இரண்டு மணிக்கு ஒன்று. கட்டி கட்டியாகப் போகுமா? போகும். பத்து ரூபாய் நாணயம் அளவுக்கா? ஆமாம். “இதைத்தான் நீ ரெகுலர்னு சொன்னியா?” என்றார். தேதி தவறாமல் வருவதைத்தான் நான் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். என் அம்மாவுக்கும் அக்காவுக்கும் இப்படித்தான். அதனால் எல்லாருக்கும் இப்படித்தான் என்று எண்ணம்.

கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை, நகத்தைப் பார்த்தார். எச்சில் விழுங்கச் சொல்லிக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். காலில் வீக்கம் இருக்கிறதா என்று முழங்காலுக்குக் கீழே அமுக்கிப் பார்த்தார். எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: முழு ரத்த அணு எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சர்க்கரையும், கிரியாட்டினின், சிறுநீர். தைராய்டு பார்த்தாகிவிட்டது. தூங்கியும் தீராத அசதிக்கு முதல் சுற்றில் இவற்றைப் பார்த்தால் போதும், முழு உடல் பேக்கேஜ் எல்லாம் தேவையில்லை என்றார்.

ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 10.8. அவர் அதைவிட உற்றுப் பார்த்தது வேறு இரண்டு வரிகளை. எம்.சி.வி. என்று போட்டிருந்தது, சிவப்பணுவின் சராசரி அளவு அது. 80-க்கு மேல் இருக்க வேண்டியது எனக்கு 74. அணு சிறுத்திருக்கிறது. சிறுத்திருந்தால் இரும்புக் குறைவாக இருக்கலாம், பிறவியிலேயே வரும் தலசீமியா என்ற ரத்தக் குறைபாட்டின் கூறாகவும் இருக்கலாம். அவர் பேனாவால் ஓரத்தில் ஒரு கணக்குப் போட்டார். 74-ஐ என் சிவப்பணு எண்ணிக்கையான 4.5-ஆல் வகுத்தால் 16 சொச்சம். 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா பக்கம் சந்தேகம், மேலே வந்தால் இரும்புக் குறைவு பக்கம். இது தோராயக் கணக்குதான், ஃபெரிட்டின்தான் தீர்ப்புச் சொல்லணும் என்றார். அது 6 என்று வந்தது. உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவு அது, 15-க்குக் கீழே என்றாலே சேமிப்பு காலி. காய்ச்சலோ தொற்றோ இருக்கும் நேரத்தில் பார்த்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், அதனால் சளி பிடித்திருந்தால் விட்டதும் பாரு என்றும் சொல்லியிருந்தார்.

மூன்று மாதச் சர்க்கரை 5.9 என்று இருந்ததைப் பார்த்து என் வீட்டுக்காரர் பயந்துவிட்டார். டாக்டர் பயப்படவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 94-தான் இருந்தது. இரும்புக் குறைவு இருந்தால் அந்த மூன்று மாதக் கணக்கு கொஞ்சம் ஏறிக் காட்டும், இரும்பு ஏறின பிறகு திரும்பப் பார்ப்போம் என்றார். பின்னால் பார்த்தபோது 5.5-தான்.

மாத்திரை ஆரம்பித்தேன். 100 மில்லிகிராம், தினம் ஒன்று. இங்கேதான் சொதப்பினேன். காலை டிபனுக்கு டீ, கூடவே மூட்டு வலிக்கு வாங்கிய கால்சியம் மாத்திரை, அதோடு சேர்த்து இதையும் விழுங்கினேன். டீயும் கால்சியமும் இரும்பை உடம்பில் சேரவிடாது. பத்து நாளில் மலச்சிக்கல், குமட்டல், கறுப்பாகப் போனது. பயந்துபோய் நிறுத்திவிட்டேன். திரும்பப் போனபோது திட்டு வாங்கினேன். கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், தார் மாதிரி பிசுபிசுப்பாக நாற்றத்தோடு போனால் மட்டும் ஓடி வா என்றார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று மாற்றினார். ஒரு மாத்திரை போட்டதும் அடுத்த ஒரு நாளுக்குக் குடல் இரும்பை உள்ளே விடத் தயங்குமாம், இடைவெளி விட்டால் ஒவ்வொன்றும் நன்றாகச் சேரும், வயிற்றுக்கும் இதம். வெறும் வயிற்றில் அரை எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு மாத்திரை, டீ ஒரு மணி நேரம் கழித்து, கால்சியம் ராத்திரிக்கு.

வீட்டில் பீட்ரூட், மாதுளை, பேரீச்சை என்று குவித்தார்கள். சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறாது, அவற்றில் இரும்பு கொஞ்சம்தான். அத்தை ஞாயிற்றுக்கிழமை வாங்கி வந்த சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல்தான் உருப்படியானது. ஆனால் காலியான சேமிப்பைச் சாப்பாட்டால் மட்டும் நிரப்ப முடியாது என்று டாக்டர் அத்தையிடமே சொல்லிவிட்டார்.

ரத்தம் போகிற வழியை அடைக்காமல் இரும்பைக் கொடுப்பது, லாரித் தண்ணியை ஓட்டைக் குடத்தில் பிடிக்கிற கதை. ஸ்கேனில் கர்ப்பப்பையில் 3 செ.மீ. ஃபைப்ராய்டு கட்டி தெரிந்தது. மகப்பேறு மருத்துவர் இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று, அதிகம் போகும் நாட்களில் மட்டும் போட ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரை எழுதினார். என் அண்ணனுக்கும் அசதி என்றதும், ஆம்பளைக்கும் மாதவிலக்கு நின்றவர்களுக்கும் இரும்பு குறைந்தால் விலக்கைக் காரணம் சொல்ல முடியாது, குடலில் எங்கே கசிகிறது என்று பார்த்தே ஆகணும், சும்மா இரும்பு மாத்திரை போட்டு மூடி வைக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொன்னார்.

ஐந்து வாரத்தில் ஹீமோகுளோபின் 12.2. 22 படியையும் ஒரே மூச்சில் ஏறினேன். உடனே என்ன செய்தேன்? மாத்திரையை நிறுத்தினேன். சரியாகிவிட்டது என்றுதானே எல்லாரும் நினைப்போம். இரண்டு மாதம் போனது. ஒரு நாள் இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது அத்தை கேட்டார்: “என்னம்மா, மறுபடி மெல்ற?” வாயில் அரிசி இருந்தது. எப்போது போட்டேன் என்றே தெரியவில்லை.

ஃபெரிட்டின் பார்த்தால் 13. ரத்தத்தில் ஏறிய இரும்பு சேமிப்புக்குப் போகவே இல்லை. ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டியது, அதைத்தான் நான் பாதியில் விட்டிருந்தேன். மறுபடி ஒரு நாள் விட்டு ஒரு நாள், இந்த முறை காலண்டரில் டிக் அடித்து நாலு மாதம். போன மாதம் பார்த்தபோது 46. கட்டி அப்படியேதான் இருக்கிறது, அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஃபெரிட்டின் பார்க்கணும். அதற்குள் கை தானாக அரிசி டப்பா பக்கம் போனால் தேதி பார்க்காமல் வந்துவிடும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார்.