ஒரு செம்புப் பாட்டிலுக்கு விவரம் எழுதிய கதை

மாசி வீதிப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் பாத்திரக் கடையில் எனக்கு வேலை. கல்லாவுக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர். கடையில் இருக்கும் அண்டா, குத்துவிளக்கு, சொம்பு எல்லாவற்றையும் படம் எடுத்து, ஆளுக்கொரு பத்தி விவரம் எழுதி, இணையத்தில் ஏற்ற வேண்டும். அண்டாவுக்கு எழுதுவது சுலபம். எத்தனை படி அரிசி வேகும், எவ்வளவு எடை, கைப்பிடி எப்படி என்று சொன்னால் முடிந்தது. அண்டா வாங்குகிறவர் அண்டாவிடமிருந்து வேறெதையும் எதிர்பார்ப்பதில்லை. செம்புப் பாட்டில்தான் என்னைப் படுத்தி எடுத்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பாட்டிலுக்கு நான் எழுதியது இது: “இரவு முழுவதும் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் உடலின் நச்சு நீங்கும், தைராய்டு சீராகும், எடை குறையும். தண்ணீரில் இருக்கும் கிருமியைக் கொல்லும். 99.9% சுத்தத் தாமிரம். 1 லிட்டர்.” ஒரு வரிகூட நானாக யோசித்தது இல்லை. எங்கே பார்த்தாலும் இதே வரிகள்தான் இருந்தன, அதனால் உண்மையாகத்தான் இருக்கும் என்று எடுத்துப் போட்டேன். பாட்டில் நன்றாகவே விற்றது.

சில மாதம் கழித்துத் திருமங்கலத்திலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். “உங்க பாட்டில் தண்ணியக் குடிச்சதுல இருந்து எம் பையனுக்குக் கொமட்டுதுங்க. தண்ணி ஒரு மாதிரி துவர்க்குது.” கேட்டுக் கேட்டு விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. ராத்திரி தண்ணீர் ஊற்றும்போதே அரை எலுமிச்சம்பழத்தையும் பிழிந்து விட்டிருக்கிறார். “எலுமிச்சையும் நச்ச எடுக்கும்ங்கிறாக, செம்பும் நச்ச எடுக்கும்னு நீங்க போட்டிருக்கீக. ரெண்டையும் சேத்தா இன்னும் நல்லதுதானேன்னு நெனச்சேன்.” அவர் கணக்கில் தப்பே இல்லை. நான் எழுதியதை நம்பினால் அப்படித்தான் செய்யத் தோன்றும்.

எலுமிச்சையை ஊற்றாதீர்கள் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. எழுதத் தெரியவும் இல்லை. கடைக்கு ஈயம் பூச வரும் பெரியவரிடம் அன்று சாயங்காலம் கேட்டேன். பித்தளை, செம்புப் பாத்திரங்களைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை உள்ளே பூசித் துணியால் இழுத்துவிடுகிற வேலை அவருடையது. அவர் சிரித்தார். “ஆத்தா, புளி போட்டுத் தேச்சா செம்பு பளபளங்குதுல்ல, அந்தக் கறுப்பு எங்க போகுது?”

“கழுவின தண்ணியில போயிரும்.”

“அந்தத் தண்ணியத்தான் அந்தப் பிள்ளை குடிச்சிருக்கு.”

இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு வேதியியல் சொல்லித்தந்தது கிடையாது. புளியும் எலுமிச்சையும் மோரும் அமிலம். செம்பின் மேல் படிந்திருப்பதை அமிலம் கரைக்கும், அதனால்தான் துலக்குவதற்கு அவை உதவுகின்றன. ஒரு நிமிடம் தேய்த்துக் கழுவிவிட்டால் கரைந்த செம்பு சாக்கடைக்குப் போகும். எட்டு மணி நேரம் உள்ளேயே கிடந்தால் குடிக்கிற தண்ணீரில் போகும். செம்பு அளவுக்கு மேல் போனால் முதலில் தெரிவது குமட்டலும் வயிற்றுவலியும்தான். ரசத்தையும் புளிக்குழம்பையும் ஈயம் பூசாத பாத்திரத்தில் வைக்கக் கூடாது என்று நம் பாட்டிமார் சொன்னதற்கும் இதே காரணம்தான். பாட்டிலுக்கு உள்ளே யாரும் ஈயம் பூசுவதில்லை. தண்ணீர் செம்பைத் தொட வேண்டும் என்று சொல்லித்தானே அதை விற்கிறோம்.

மறுநாள் கடை முதலாளி அண்ணாச்சியிடம் போய், விவரத்தை மாற்றப் போகிறேன் என்றேன். “எதை எடுக்கப் போற?” என்று கேட்டார். தைராய்டு, எடை, நச்சு மூன்றையும் என்றேன். முகம் சுருங்கியது. “எல்லாரும்தான போட்டிருக்காய்ங்க?” பொய் விளம்பரம் என்று தெரிந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம் என்று சொன்னேன். அந்தத் தொகையைக் கேட்டதும் கொஞ்சம் இறங்கி வந்தார். அப்புறம் பிடித்துக்கொண்டார்: “சரி, கிருமியக் கொல்லும்ங்கிறது நெசந்தானே? அத விடு.”

இதில்தான் நான் நாள் கணக்கில் மாட்டிக்கொண்டேன். மற்றவை போல இது வெறும் காற்றில் வந்த பேச்சு இல்லை. செம்பின் மேல் பட்ட பல பாக்டீரியாக்கள் சாகும் என்பது தெரிந்த உண்மை. 2012-ல் பெங்களூரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வும் உண்டு. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் பாக்டீரியாக்களை வேண்டுமென்றே தண்ணீரில் கலந்து, செம்புப் பானையில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு சோதித்தபோது அவை வளரவில்லை. கரைந்த செம்பும் குடிநீருக்கு அனுமதித்த அளவைவிட மிகக் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் தண்ணீரை வைத்திருந்தது 16 மணி நேரம். ராத்திரி பத்துக்கு ஊற்றி காலை ஆறுக்குக் குடித்தால் அதில் பாதிதான் ஆகிறது. அதுவும் ஆய்வுக்கூடத்துப் பானை, நல்ல தண்ணீர், கணக்கு வைத்துச் சேர்த்த கிருமி. எங்கள் பாட்டிலோ பள்ளிக்கூடத்துப் பையில் உருண்டு, உள்ளே கறுத்து, மதியம் பாதி காலியாகி, குழாயில் மறுபடி நிரப்பப்படுகிறது. அந்த ஆய்வை வைத்து இந்தப் பாட்டிலுக்கு நான் உத்தரவாதம் கொடுக்க முடியாது. போர்த் தண்ணீரில் இருக்கும் உப்பையும் பாட்டில் குறைக்காது. கிருமி போகும் என்று எழுதினால், காய்ச்சாத தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டு நிம்மதியாகக் குடிக்க ஓர் ஆள் கட்டாயம் இருப்பார். அதனால் அந்த வரியும் போயிற்று. “காய்ச்சியோ வடிகட்டியோ குடிக்கத் தகுந்ததாக்கிய தண்ணீரையே ஊற்றுங்கள்” என்று அதன் இடத்தில் ஒரு வரி வந்தது.

உடம்புக்கு நல்லது என்கிற வரிகள் போனதும் பத்தி மொட்டையாக நின்றது. மிச்சம் இருந்தவை “99.9% சுத்தத் தாமிரம்”, “1 லிட்டர்” என்ற இரண்டு மட்டும்தான். இவையாவது சரியா என்று பார்க்கலாமே என்று தோன்றியது.

முராதாபாத்திலிருந்து வந்த சரக்கின் பில்லை எடுத்துப் பார்த்தேன். ‘காப்பர் பாட்டில்’ என்று மட்டும்தான் இருந்தது. சோதனைச் சான்று எதுவும் கூட வரவில்லை. அண்ணாச்சி மேசை டிராயரில் ஒரு காந்தம் வைத்திருப்பார். பாட்டிலில் வைத்து, “பாருங்க, ஒட்டல, சுத்தச் செம்பு” என்று வாடிக்கையாளருக்குக் காட்டுவார். அது ஒட்டாவிட்டால் உள்ளே இரும்புத் தகடு இல்லை என்பது மட்டும்தான் நிச்சயம். காந்தம் பித்தளையிலும் ஒட்டாது, அலுமினியத்திலும் ஒட்டாது, எவர்சில்வரில் பல வகைகளில் ஒட்டாது. எடையும் நிறமும் பார்த்தால் செம்புதான் என்று கடையில் எல்லோருக்கும் தெரிகிறது. 99.9 என்பதை மட்டும் யாரும் அளந்ததில்லை. “செம்புத் தகட்டில் செய்தது” என்று மாற்றினேன்.

அடுத்து அளவு. கடைத் தராசில் காலி பாட்டிலை மூடியோடு வைத்தேன், 245 கிராம். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால் மூடியைத் திருகும்போது கொஞ்சம் வழிகிறது. வழிந்ததைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், 1,145 கிராம். ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லி லிட்டர் என்பதால் உள்ளே இருப்பது 900 மில்லி. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் ஒரு லிட்டர். சரக்கு அனுப்பியவருக்குப் போன் செய்து கேட்டேன். “அது சைஸோட பேரு மேடம்” என்றார்.

பாட்டிலை அப்படிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில்தான் எழுதுவதற்கு விஷயம் கிடைத்தது. வெளியே நிறமில்லாத வார்னிஷ் பூச்சு இருக்கிறது. அதனால் வெளிப்புறம் மாதக்கணக்கில் பளபளக்கும், பூச்சில்லாத உட்புறமோ சில நாளில் பழுப்பாகும். “உள்ள கறுத்துப்போச்சு, டூப்ளிகேட்டு” என்று பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள். கறுத்ததுதான் செம்பு. கவனிக்க வேண்டியது பச்சையும் நீலமுமாகத் திட்டுத் திட்டாகப் படியும் களிம்பை. அது தெரிந்தால் துலக்காமல் குடிக்கக் கூடாது. உட்புறத்துக்குப் புளியும் உப்பும் போதும், வெளியே புளி போட்டால் வார்னிஷ் திட்டுத் திட்டாக உரிந்து அசிங்கமாகிவிடும். ஐஸ் தண்ணீர் ஊற்றினால் பாட்டில் வேர்த்து மேசையில் வட்டம் விழும். வெந்நீர் ஊற்றினால் கையில் பிடிக்க முடியாது.

கடைசியில் இணையத்தில் ஏற்றியது இது:

“செம்புத் தகட்டில் செய்த தண்ணீர்ப் பாட்டில். மூடி போட்ட நிலையில் 900 மி.லி. கொள்ளும். காலி எடை மூடியோடு 245 கிராம். வெளியே நிறமற்ற பூச்சு உண்டு, உள்ளே பூச்சு இல்லை. குடிக்கத் தகுந்த சாதாரணத் தண்ணீர் மட்டும் ஊற்றவும். எலுமிச்சை, மோர், ஜூஸ், சோடா, சூடான பானம் எதையும் ஊற்ற வேண்டாம். உட்புறம் பழுப்பாவது இயல்பு. பச்சைக் களிம்பு தெரிந்தால் புளியும் உப்பும் சேர்த்து உள்ளே மட்டும் துலக்கி, நன்றாக அலசிய பிறகே பயன்படுத்தவும். கம்பி நார் வேண்டாம். சூட்டையோ குளிர்ச்சியையோ தாங்கி வைக்காது. உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய் உள்ளவர்கள் பயன்படுத்தக் கூடாது. இந்தப் பாட்டில் எந்த நோய்க்கும் மருந்து அல்ல.”

கடைசி வரியை அண்ணாச்சி எடுக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்து, உள்ளே இருந்த வெள்ளை வாஷரை நகத்தால் நெம்பிப் பார்த்தார்.

“இது ஆறு மாசத்துல லொடலொடன்னு ஆயிரும், ஒழுகும். வாஷர் தனியாக் கிடைக்கும்னு ஒரு வரி சேத்துக்க பாப்பா.”

சேர்த்தேன். தனியாக வாஷர் கடையில் இருக்கிறதா என்று கேட்டேன். “இனிமே வாங்கி வைக்கணும்” என்றார்.