ஒன்றிலேயே இரு என்று சொன்னது சரிதானா

டேட்டாபேஸ் டீமிலேயே நிரந்தரமாக இருக்கிறாயா, இல்லை ஸ்கிரீன், ஏபிஐ, டெஸ்டிங் என்று எல்லா டீமிலும் கொஞ்ச காலம் சுற்றி வருகிறாயா என்று மேனேஜர் அவளிடம் கேட்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். என்னிடம் வந்தாள். "ரெண்டு வருஷம் இதுலயே இரு, அப்புறம் எங்க வேணா போ" என்றேன். "நீங்க இதுலயே இருந்தீங்க அண்ணா, இப்ப இதை விட்டு எங்க போவீங்க?" என்று கேட்டாள். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அன்றைக்கு அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம், அதே வாரம் நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்த ஒரு குவெரி. முகவரி டேபிளில் சுமார் 20 லட்சம் வரிசைகள். மாநிலம், மாவட்டம், பின்கோடு மூன்றையும் கொடுத்துத் தேடினால் பதில் வர 40 விநாடி ஆகிறது. இண்டெக்ஸ் போட்டுப் பார்த்தார்கள், சர்வரைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள், ஒன்றும் நகரவில்லை. குவெரி எந்த பிளானில் ஓடுகிறது என்று காட்டும் `EXPLAIN ANALYZE` ஓட்டினால் ஓர் இடத்தில் கணிப்பு `rows=1`, உண்மையில் வந்தது 1000. அங்கேதான் விஷயம். எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு நிபந்தனையையும் தனித்தனி என்று நினைத்துக்கொள்கிறது. மாநிலத்துக்குப் பத்தில் ஒன்று, மாவட்டத்துக்கு நூறில் ஒன்று, பின்கோடுக்கு இரண்டாயிரத்தில் ஒன்று. மூன்றையும் பெருக்கினால் 20 லட்சத்தில் ஒன்று, அதாவது ஒரே ஒரு வரிசை. ஆனால் பின்கோடு தெரிந்தாலே மற்ற இரண்டும் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறதே, அது அதற்குத் தெரியாது. ஒரு வரிசைதானே வரப்போகிறது என்று வரும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு முறை போய்ப் பார்க்கும் நெஸ்டட் லூப்பைத் தேர்ந்தெடுத்து, இதோடு சேர்க்க வேண்டிய இன்னொரு டேபிளை 1000 முறை முழுதாகப் படித்தது. ஒரு முறைக்கு 40 மில்லிவிநாடி, கணக்கு சரியாகப் போயிற்று. இந்த மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று அதற்குச் சொல்லிவைத்தேன்:

```sql
CREATE STATISTICS addr_dep (dependencies)
  ON state, district, pincode FROM addresses;
ANALYZE addresses;
```

2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிற வசதி இது. கணிப்பு ஆயிரத்துக்குப் பக்கத்தில் வந்தது, அந்த இன்னொரு டேபிளை ஒரே முறை படிக்கும் ஹாஷ் ஜாயினுக்கு மாறியது, ஒரு விநாடிக்குள் பதில். பாரும்மா, இதெல்லாம் மேலோட்டமாகத் தெரிந்தவனுக்குக் கிடைக்காது என்று எனக்குள் ஒரு மிதப்பு.

ஆனால் அந்தக் கதையில் இன்னொரு ஆள் உண்டு. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டவன், நான் ஆழமில்லாதவன் என்று நினைத்திருந்த பையன். "பின்கோடு குடுத்தப்புறம் மாநிலமும் மாவட்டமும் எதுக்கு? ஸ்கிரீன்ல அந்த ரெண்டு டிராப்டவுனும் பின்கோடு லிஸ்டைச் சுருக்கத்தான் இருக்கு" என்றான். அந்த இரண்டு நிபந்தனையையும் எடுத்துவிட்டால் பெருக்கலே இல்லை, கணிப்பு தானாகவே 1000 ஆகிவிடும். நான் பிளானுக்குள் நோண்டிக் கண்டுபிடித்த அதே நோய்க்கு அவன் ஸ்கிரீன் பக்கத்திலிருந்து மருந்து சொன்னான். ஒரே பின்கோடு இரண்டு மாவட்டத்தில் பரவிக் கிடக்கும் இடங்கள் உண்டு, நிபந்தனையை எடுத்தால் அங்கே பதிலே மாறிவிடும் என்று மறுத்தேன். அது உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் யாருக்காவது தேவைப்படுகிறதா என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் தோன்றவில்லை.

எனக்காக வாதாடுவதென்றால் இப்படிச் சொல்வேன்: ஆழம் எதில் என்பதுதான் முக்கியம். பேக்கப் எடுப்பது, பதிப்பு மாற்றுவது, ரெப்ளிகா வைப்பது என்று நான் முதலில் ஊறிப்போனதில் பெரும்பகுதியை இப்போது கிளவுட்டில் நான்கு பட்டனில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் எத்தனை வரிசை வரும் என்று டேட்டாபேஸ் எப்படிக் கணிக்கிறது, அது ஏன் தப்புகிறது என்பது ஆரக்கிளுக்குப் போனாலும் எஸ்க்யூஎல் சர்வருக்குப் போனாலும் கூடவே வருகிறது. ஒரு கம்பெனியின் கருவியில் ஆழம் வேறு, அடியில் ஓடும் கணக்கில் ஆழம் வேறு. சரி, ஆனால் ஊறும்போது எது எதுவென்று எனக்குத் தெரிந்ததா? இல்லை, இரண்டையும் ஒரே ஆர்வத்தோடுதான் படித்தேன். பிறகு எப்படி அவளிடம் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்?

அவள் சுற்றி வரும் பக்கம்தான் போனாள். போன வாரம் ஒரு பிளானை அனுப்பினாள். அதில் சார்ட் நடக்கும் இடத்தில் கணிப்பு 50,000, வந்தது 10. கணிப்பு தப்பு என்று நான் ஆரம்பித்ததுமே, "இல்லண்ணா, மேல `LIMIT 10` இருக்கு, பத்து கிடைச்சதும் அங்கேயே நின்னுடுச்சு. இந்த ஸ்கிரீன்ல பத்துக்கு மேல யாருமே பார்க்கறதில்ல, அப்ப சார்ட்டை இண்டெக்ஸ்லேயே முடிச்சுடலாமான்னுதான் கேக்கறேன்" என்றாள். முடிக்கலாம் என்றேன். பிளான் படிப்பதை என் பக்கத்தில் உட்கார்ந்துதானே கற்றாள் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பத்துக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை என்பது என் பக்கத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதில்லை.