ஈரச் சுவர், நான்காவது சீட்டு: டோம்பிவிலிக் குறிப்புகள்

மே 9

அம்மா கட்டிலுக்கு நேர் மேலே கறை மறுபடி விரிந்திருக்கிறது. ஓரமெல்லாம் பழுப்பு, நடுவில் பெயின்ட் உப்பி நிற்கிறது. வெளிச்சுவர் வழியாக மழை இறங்குகிறது என்று போன வருடம் சொன்ன சமாதானம் இனி செல்லாது. மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

மேல் வீட்டு ஆன்ட்டியைக் கூட்டி வந்து காட்டினேன். நிமிர்ந்து பார்த்தார். "அரே, புரானி பில்டிங் ஹை, இத்னா தோ சல்தா ஹை" என்றார். பழைய கட்டிடமாம், இவ்வளவு பரவாயில்லையாம். சொன்னதில் கோபமோ அலட்சியமோ இல்லை. எனக்கு ஆறுதல் சொல்லத்தான் வந்தார் போலிருந்தது. இவர் சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். டீ குடித்துவிட்டுப் போனார்.

மே 10

கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளினோம். "ஃபேன் காத்து வரலேடி" என்கிறாள் அம்மா.

மே 13

அம்மாவின் ரிப்போர்ட் வரவில்லை. லேபில் கேட்டால் "ஹோ ஜாயேகா மேடம்." ஆகிவிடுமாம்.

இன்று மும்பை போகும் லோக்கல் டிரெயினில் உட்கார இடம் கிடைத்ததால் இதை யோசிக்க முடிந்தது. லேடீஸ் பெட்டியில் ஒரு பெஞ்சு மூன்று பேருக்கானது. நான்கு பேர் உட்காருவோம். எந்தப் பலகையிலும் இது எழுதியிருக்காது, ஆனால் "தோடா சர்க்கோ" என்று ஒருத்தி சொன்னதும் மூன்று பேரும் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே ஜன்னல் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். நான்காவதுக்கு பாதி உடம்புக்குத்தான் இடம். ஒரு கால் நடைபாதையில், ஒரு கை முன்சீட்டுக் கம்பியில். நன்றி சொல்வது வழக்கமில்லை. நகர மறுக்கவும் முடியாது. மறுத்தால் பெட்டியே திரும்பிப் பார்க்கும்.

இது பெருந்தன்மை என்று வெளியூர்க்காரர்கள் எழுதுவதைப் படித்திருக்கிறேன். பெருந்தன்மை இல்லை, கணக்கு. தானேயில் ஜன்னல்காரி எழுந்தால் எல்லாரும் ஓர் இடம் உள்ளே நகர்வோம், நான்காவது மூன்றாவதாகும். நிற்பவர்களுக்கும் வரிசை உண்டு. ஏறியதும் உட்கார்ந்திருப்பவரிடம் "கஹா(ங்) உதர்னா ஹை?", எங்கே இறங்க வேண்டும் என்று கேட்க வேண்டும். "காட்கோபர்" என்றால் அந்த சீட்டு கேட்டவளுடையது. பின்னால் வந்தவள் நெருக்கி நின்றாலும் பயனில்லை, "மைனே பூச்சா ஹை", நான் கேட்டாயிற்று என்ற ஒரு வரி போதும். காலையில் டோம்பிவிலியில் ஏறவே முடியாது என்பதால், எதிர்த்திசை வண்டியில் கல்யாண் போய், அது திரும்பும்போது உட்கார்ந்தே வருபவர்கள் உண்டு. கல்யாண்காரர்களுக்கு அதில் ஆத்திரம். அவர்கள் ஆத்திரம் நியாயம். வரிசைக்கு வெளியிலிருந்து வந்து வாங்குகிற இடம் அது.

ஆகவே இங்கே 'அட்ஜஸ்ட் கரோ' என்றால் வேலை செய்கிறது. இன்று பாதி உடம்போடு உட்காருகிறவள் நாளை ஜன்னல் ஓரத்தில் இருப்பாள், அவளை நகரச் சொல்ல இன்னொருத்தி வருவாள். முதல் வகுப்பிலும் மூன்று பேர் பெஞ்சுதான். அங்கே நான்காவதாக உட்காரக் கேட்டுப் பாருங்கள், முகங்கள் மாறும். நெரிசல் அங்கும் இருக்கிறது. ஆனால் பாஸுக்குப் பல மடங்கு கொடுத்தவர்கள் நகராமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் கொடுத்தோம் என்று நினைக்கிறார்கள்.

மேல் வீட்டு ஆன்ட்டி எனக்காக எப்போது நகர்வார்?

மே 14

ரிப்போர்ட் வந்தது. டாக்டர் திங்கட்கிழமைதான்.

மே 17

பிளம்பர் வந்தான். மேலே போய் நஹாணி டிராப்பைச் சுற்றி வெள்ளை சிமென்ட் அப்பிவிட்டு இறங்கினான். குளியலறைத் தரையில் தண்ணீர் போகிற வாய்க்கு இந்த ஊரில் அதுதான் பெயர். "பஸ், ஹோ கயா." இனிமேல் சொட்டாதா? "நஹி டப்கேகா." சொட்டினால்? "தோ தேக்தே ஹைன்." அப்போது பார்க்கலாமாம்.

சுத்தமான வேலை, பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அந்த சிமென்ட் ஓட்டுக்கும் டிராப்புக்கும் நடுவில் மேலாக உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் இறங்குவது ஓட்டுக்கு அடியில். வெந்நீரும் சோப்பும் பட்டு சில மாதத்தில் மயிரிழையாக வெடிக்கும். அவனுக்கும் தெரியும். அரை மணி நேர வேலைக்கான பணத்தைத்தான் யாரும் தருவார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். 'சல்தா ஹை' என்று சோம்பேறி மட்டும் சொல்வதாக ஆபீஸ் வகுப்புகளில் பாடம் எடுக்கிறார்கள். கூலி பேசும்போதே அது பேசி முடிக்கப்படுகிறது, ஆன்ட்டி தரப்பில் ஒரு முறை, பிளம்பர் தரப்பில் ஒரு முறை.

மே 19

டாக்டர். இதை இங்கே எழுதப் போவதில்லை.

மே 25

தூக்கம் இல்லாததால் கறையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்று கவனித்தேன். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை, மேலே எல்லாரும் குளித்து முடித்த பிறகு நடுப்பகுதி கருக்கிறது. மதியம் வெளுக்கிறது. நாள் முழுக்க ஒரே மாதிரி ஈரமாக இருந்தால் சுவருக்குள் ஓடும் சப்ளை பைப்பைச் சந்தேகிக்கலாம், அதில் எந்நேரமும் அழுத்தம் இருக்கும். குளிக்கிற நேரத்துக்கு ஏறி இறங்கினால் வெளியேறும் தண்ணீர்தான். டிராப், அல்லது அதன் ஜாயின்ட், அல்லது ஓட்டுக்கு அடியிலுள்ள வாட்டர்ப்ரூஃபிங்.

இதை ஆன்ட்டியிடம் படியில் வைத்து விளக்கினேன். "ஆப் கித்னா சோச்தி ஹோ, பேட்டா" என்றார். அதிகம் யோசிக்கிறேனாம்.

ஜூன் 2

அம்மா சொல்கிறாள், "விடும்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, பக்கத்துல பழகறவா." நம் வீட்டிலும் அதே சொல்தான், அதே 'கொஞ்சம்'தான். இந்தியில் 'தோடா' இல்லாமல் யாரும் அட்ஜஸ்ட் செய்யச் சொன்னதில்லை. எவ்வளவு என்பதைக் கேட்பவர்தான் தீர்மானிக்கிறார். எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்வதே இல்லை.

என் கல்யாணத்தில் மாமியார் வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் சொன்ன வாக்கியமும் இதுதான். என் கணவரிடம் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவரைக் குறை சொல்லவில்லை, அவரிடம் கேட்கவே யாருக்கும் தோன்றியிருக்காது.

ஜூன் 13

மழை. வெள்ளை சிமென்ட்டின் மேல் எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. அம்மாவுக்கு இருமல்.

ஜூன் 22

சொசைட்டி மீட்டிங். மகாராஷ்டிரத்து ஹவுசிங் சொசைட்டி மாதிரி விதிகளிலேயே இருக்கிறது: மொட்டைமாடி, வெளிச்சுவர் கசிவு என்றால் சொசைட்டி செலவு, கழிவறை, ஸிங்க் போன்ற உள்கசிவு என்றால் அந்தந்த உறுப்பினர் செலவு. வாசித்துக் காட்டினேன். செக்ரட்டரி தலையாட்டிவிட்டு, "ரூல் தோ டீக் ஹை, லேகின் ஆபஸ் மே அட்ஜஸ்ட் கர் லோ" என்றார். விதி சரிதான், ஆனால் உங்களுக்குள் அட்ஜஸ்ட் செய்துகொள்ளுங்கள் என்று. விதியைத் தவறென்று யாரும் சொல்லவில்லை. விதியைக் கையில் எடுத்தவள்தான் அங்கே கொஞ்சம் அநாகரிகமாகத் தெரிந்தேன்.

2017 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பிரதமர், 'சல்தா ஹை' காலம் போய்விட்டது, இனி 'பதல் சக்தா ஹை', மாற முடியும் என்று சொன்னதை நம் செக்ரட்டரி அன்று வாட்ஸ்அப்பில் பெருமையாக அனுப்பியிருந்தார்.

மீட்டிங் முடிந்து எல்லாருக்கும் சமோசா.

ஜூன் 24

ஆன்ட்டி ஏன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார் என்று இன்றுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முறையாகச் செய்தால் ஓடு பெயர்க்க வேண்டும், டிராப்பை மாற்ற வேண்டும், செங்கல் துண்டு கலந்த கோபா போட்டு அதன் மேல் கெமிக்கல் பூச்சு, காய வேண்டும். பிறகு வாயை அடைத்து, தரை மூழ்கத் தண்ணீர் நிறுத்தி ஒன்றிரண்டு நாள் கீழே பார்க்க வேண்டும். சொட்டவில்லை என்றால்தான் புது ஓடு. எல்லாம் சேர்ந்து பத்து நாள் ஆகும். பணம் மட்டுமில்லை, ஒரே குளியலறை, வீட்டில் ஆறு பேர், அதில் ஒரு கைக்குழந்தை. அவர் பத்து நாள் அட்ஜஸ்ட் செய்யாமல் இருக்க, நான் வருடக்கணக்கில் செய்கிறேன். ஆனால் அவருடைய பத்து நாள் தேதி போட்டு வருகிறது. என்னுடையது கறையாக மெதுவாக வருகிறது. தேதி இல்லாததை யாரும் கஷ்டம் என்று எண்ணுவதில்லை.

ஜூலை 1

ஊசி இரண்டாவது முறை. அம்மா சாப்பிடவில்லை.

ஜூலை 26

ஆபீஸில் 2005 வெள்ளம் பற்றிப் பேச்சு. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பெய்த நாள் இது. முட்டியளவு தண்ணீரில் தாதரிலிருந்து நடந்தே வீடு போனதை ஒவ்வொருவரும் சொன்னார்கள். வழியில் பிஸ்கட் கொடுத்தவர்கள், வீட்டுக்குள் கூப்பிட்டுப் படுக்கவைத்தவர்கள். எல்லாம் உண்மை, என் மாமனாரும் அப்படித்தான் ஒரு தெரியாத வீட்டில் தூங்கினார். அடுத்த நாளிலிருந்து அதற்கு 'மும்பை ஸ்பிரிட்' என்று பெயர். மும்பைக்குள் ஓடும் மித்தி நதியின் கரையை யார் குறுக்கினார்கள் என்கிற பேச்சும் எழுந்தது. ஸ்பிரிட் பற்றிய பேச்சுதான் பேச இனிப்பு.

அன்று தெருவில் நடந்தது நான்காவது சீட்டு மாதிரி. அதை மாநகராட்சிக்குச் சாக்காக எடுத்துக் கொடுத்தது யார்?

ஆகஸ்ட் 3

பெயின்ட் ஒரு தட்டளவு பெயர்ந்து விழுந்தது. அம்மாவின் கட்டில் முன்பு இருந்த இடத்தில். மேல் வீட்டுப் பையன், ஆன்ட்டியின் மகன், இறங்கி வந்து பார்த்தான். அவன் 'சல்தா ஹை' சொல்லவில்லை. "கப் சே?" என்று கேட்டான். எப்போதிலிருந்து என்று இந்தக் கட்டிடத்தில் கேட்ட முதல் ஆள்.

இன்னொன்றும் கவனித்தேன். 'ஹோ ஜாயேகா' என்று அவன் சொல்லவில்லை. "மை கர்வாதா ஹூ(ங்), தீபாவளி சே பெஹ்லே" என்றான். தீபாவளிக்கு முன் நான் செய்விக்கிறேன் என்று. ஆள் இருக்கிறது, தேதி இருக்கிறது. 'ஹோ ஜாயேகா'வில் இரண்டும் இருக்காது. லேபில் கேட்டது அதுதான். "கௌன் கரேகா, கப்?", யார் செய்வார், எப்போது என்று திருப்பிக் கேட்டால் எதிரில் இருப்பவர் முகத்திலேயே தெரிந்துவிடும், நடக்குமா இல்லையா என்று.

ஆகஸ்ட் 4

அம்மா இன்று இரண்டு இட்லி.

செப்டம்பர் 19

ஓடு உடைக்கிறார்கள். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை நிறுத்தச் சொல்லியிருக்கிறது சொசைட்டி. மூன்றுக்கே ஆரம்பித்துவிட்டார்கள். நான் போய்ச் சொல்லவில்லை.

செப்டம்பர் 20

காலை ஆறரைக்கு மணி அடித்தது. ஆன்ட்டி, தோளில் டவல், இடுப்பில் பேத்தி. "பேட்டா, தஸ் தின் தோடா அட்ஜஸ்ட் கர் லோ, ஹமாரா நஹானா ஆப்கே யஹா(ங்)." பத்து நாளைக்கு அவர்கள் குளியல் எங்கள் வீட்டிலாம். ஆறு பேர். அம்மா உள்ளிருந்து "யாருடி?" என்றாள். கதவைத் திறந்துவிட்டேன். வேறென்ன செய்ய. பேத்தி பக்கெட்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அழுதது, நான் லோக்கலை விட்டேன்.

செப்டம்பர் 23

அவர்கள் ஆறு பேரும் நேரம் பிரித்துக்கொண்டு வருகிறார்கள். ஏழிலிருந்து எட்டு என்னுடையது என்று ஆன்ட்டியே வைத்திருக்கிறார். நேற்று பருப்பு கொண்டுவந்தார், அம்மாவுக்கென்று காரம் போடாமல்.

செப்டம்பர் 26

மேலே தண்ணீர் நிறுத்தியிருக்கிறார்கள். சொட்டவில்லை.

செப்டம்பர் 28

இன்னும் சொட்டவில்லை. டைல்ஸ்காரன் வரவேண்டும். பத்து மணிக்குப் பையன் அவனுக்குப் போன் போட்டான், "நிகல் கயா ஹூ(ங்)" என்று பதில், கிளம்பிவிட்டானாம். பன்னிரண்டுக்கு, "ராஸ்தே மே ஹூ(ங்)", வழியில் இருக்கிறானாம். இரண்டரைக்கு எடுக்கவில்லை. ஆன்ட்டி டவலோடு எங்கள் ஹாலில் உட்கார்ந்து என்னைவிடக் கோபமாக இருக்கிறார்.